புதிய தேடல் நல்லதா, பழையது நல்லதா: நாற்பது வினாக்களில் அளந்து பார்க்கலாம்

கேள்வி: கிளிநொச்சியில் கமக்காரருக்கான ஒரு இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 1,800 பக்கம் வரை இருக்கும். இப்போது புதிய தேடல் ஒன்றைப் போட்டிருக்கிறோம். நல்லாயிருக்கு என்கிறார் ஒருவர், பழையதுதான் திறம் என்கிறார் இன்னொருவர். காசு பெரிதாகச் செலவழியாமல் இரண்டையும் நியாயமாக எப்படி ஒப்பிடுவது?

பதில்: முதலில், சோதனை வினாக்களை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். உங்களுக்குப் பக்கங்களின் தலைப்புகள் மனப்பாடம். நீங்கள் எழுதும் வினாவும் தலைப்பைப் போலவே வரும், அதில் எந்தத் தேடலும் தேறிவிடும். தளத்தின் தேடல் பதிவிலிருந்து எடுங்கள். அதுவும் ஒரு முழு ஆண்டுப் பதிவு வேண்டும். மார்கழியில் மட்டும் எடுத்தால் பூச்சியும் உரமுமே நிறைந்திருக்கும்; இரணைமடுத் தண்ணீரின் சிறுபோகப் பங்கீட்டைத் தேடுவோர் அதில் அகப்படமாட்டார்கள். அடிக்கடி வருபவற்றில் இருபது, ஓரிரு முறை மட்டும் வந்தவற்றில் குலுக்கி இருபது, ஆக நாற்பது போதும். எழுத்துப்பிழையோடு வந்ததையும் ஆங்கில எழுத்தில் `arakkotti marunthu` என்று வந்ததையும் திருத்தாமல் வையுங்கள். ஒரு முடிவும் கிடைக்காமல் போனவற்றையும் விலக்க வேண்டாம்.

ஒவ்வொரு வினாவுக்கும், தேடியவருக்கு என்ன தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். ‘அறக்கொட்டி மருந்து’ என்பதற்கு: ‘வயலில் அறக்கொட்டி இறங்கிவிட்டது, இப்போது எதை, எந்த அளவில் அடிக்கலாம் என்று தெரிய வேண்டும்.’ இந்த வரி இல்லாவிட்டால் மதிப்பிடுபவர் சொல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். 2021இல் இரசாயன இறக்குமதித் தடை இருந்த காலத்து அறிவித்தலில் அந்தச் சொல் பத்து இடத்தில் இருக்கலாம். இன்று வயலில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை, அதற்கு 0. மருந்தையும் அளவையும் சொல்லும் பக்கத்துக்கு 2. பூச்சியை அடையாளம் காண மட்டும் உதவுவதற்கு 1.

1,800 பக்கத்தையும் நாற்பது வினாவுக்கும் யாராலும் படிக்க முடியாது. அதனால் இரண்டு தேடல்களின் முதல் பத்து முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தக் குவியலை மட்டும் மதிப்பிடுகிறோம். இந்த வினாவுக்கு ஆறு பக்கங்கள் இரண்டிலும் வந்தன என்றால் குவியலில் பதினான்கு இருக்கும். பக்கங்களில் அறக்கொட்டியை ‘கபில நிறத் தத்தி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு தேடலுமே அவற்றைத் தவறவிடக்கூடும். ஆகவே தளத்தை நன்கறிந்த ஒருவர் கையால் தேடி எடுத்த சிலவற்றையும் குவியலில் போடுங்கள். பிறகு வரிசையைக் கலைத்து, எது எந்தத் தேடலில் இருந்து வந்தது என்று தெரியாதபடி கொடுங்கள். மதிப்பெண்ணை இப்படிப் பதியலாம்:

```
q07 0 doc112 2
q07 0 doc340 0
```

வினா எண், பயன்படாத ஒரு 0, பக்க எண், மதிப்பெண். `trec_eval` என்ற இலவச மென்பொருள் இதை அப்படியே வாசிக்கும்.

மதிப்பிட விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் கமக்காரர் ஒருவரும் இருந்தால் நல்லது. நூறு பக்கங்களை இருவரும் தனித்தனியே பார்க்கட்டும். பயனுண்டு, இல்லை என்ற அளவில் 85இல் ஒத்துப்போனால் மகிழ்ந்துவிடாதீர்கள். இருவருமே முக்கால்வாசிக்கு ‘இல்லை’ என்று போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 62 அல்லது 63 ஒத்துவரும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் காப்பா அளவு இங்கே 0.6தான். அவ்வளவு இருந்தால் வேலையைத் தொடரலாம். மிகக் குறைந்தால் பிழை பெரும்பாலும் ஆட்களில் இல்லை, தேவையைச் சொல்லும் அந்த ஒரு வரியில்தான்.

பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இதற்குப் பிறகுதான். இரண்டு மாதம் கழித்துப் புதிய தேடலை மாற்றுகிறீர்கள். முதல் பத்தில் இப்போது பயனுள்ளவை நான்கு, பயனற்றவை மூன்று, யாருமே மதிப்பிடாதவை மூன்று. மதிப்பிடாததை மென்பொருள் பயனற்றது என்றே எண்ணும், கிடைப்பது பத்தில் நான்கு, அதாவது 0.4. பழைய தேடலின் பத்தும் குவியலில் இருந்தவை, அதற்கு 0.5. பழையது வென்றதுபோல் தெரியும். அந்த மூன்றையும் படித்துப் பார்த்ததில் இரண்டு பயனுள்ளவையாக இருந்தால் புதியதற்கு 0.6, முடிவே தலைகீழாகிறது. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் முதல் பத்தில் மதிப்பிடாதவை எத்தனை என்று எண்ணி, அவற்றை மதிப்பிட்ட பிறகே எண்ணைப் பாருங்கள்.

சராசரியை மட்டும் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாற்பதில் பத்து சமன், மிச்ச முப்பதில் புதியது 22இல் வென்றது என்றால் அது உண்மையான முன்னேற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 16க்கு 14 என்றால் நாணயம் சுண்டினாலும் அப்படி வரும். தோற்ற வினாக்களைத் திறந்து பார்த்துத் தேடலைச் சீர்செய்ய ஆசை வரும். அப்படிச் செய்தால் அந்த வினாக்கள் பரீட்சைக்கு உதவாது. பதிவிலிருந்து புதிதாக வேறு எடுத்து அவற்றின் இடத்தில் வையுங்கள்.