சிங்கப்பூரில் நாலு நாள்: டூரிஸ்ட் பாஸ் கட்டுப்படியாகுமா?

*"வணக்கம் சார். நான், வீட்டுக்காரர், மாமியார், பத்தாவது படிக்கும் மகன் என நாலு பேர் மதுரையிலிருந்து வருகிறோம். வியாழன் சாயந்தரம் இறங்கி ஞாயிறு கிளம்புகிறோம். ரூம் லிட்டில் இந்தியாவில். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று டூரிஸ்ட் பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?"*

வேண்டாம் அம்மா. உங்கள் பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது.

பாஸின் விலை ஒரு நாளுக்கு 17 வெள்ளி, மூன்று நாளுக்கு 29, நாலு நாளுக்கு 37. (டாலரை இங்கே நாங்கள் வெள்ளி என்போம்.) இங்கே கட்டணம் தூரத்தை வைத்துத்தான். அட்டையைத் தட்டிப் போகும் பெரியவருக்கு, பக்கத்து ஸ்டேஷன் என்றால் சுமார் 1.30 வெள்ளி. தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாலும் 2.60 வெள்ளியை ஒட்டித்தான் வரும்.

கணக்கில் பலரும் சறுக்குவது இன்னோர் இடத்தில். எத்தனை வண்டி ஏறுகிறோம் என்று எண்ணுகிறார்கள். ரயிலை விட்டு இறங்கி 45 நிமிடத்துக்குள் பஸ் பிடித்தால் அது புதுப் பயணம் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. மிருகக்காட்சி சாலைக்குப் போக இரண்டு ரயில், ஸ்பிரிங்லீஃப் ஸ்டேஷனிலிருந்து 138ஆம் நம்பர் பஸ் என்று மூன்று வண்டி ஏறினாலும் ஒரே கட்டணம்தான், சுமார் 2.20.

இப்போது உங்கள் நாட்களைப் போட்டுப் பார்ப்போம். வியாழன் ஏர்போர்ட்டிலிருந்து லிட்டில் இந்தியா, சுமார் 2.20. வெள்ளியன்று பேஃபிரண்ட், அங்கிருந்து சைனாடவுன், பிறகு ரூம்: எல்லாம் கிட்டக் கிட்ட, மொத்தம் 4.50 தாண்டாது. சனிக்கிழமை மிருகக்காட்சி சாலை போய்வர 4.40, ராத்திரி மரினா பே பக்கம் விளக்கு பார்த்துவர 3 வெள்ளி. ஞாயிறு ஏர்போர்ட் 2.20. ஆளுக்கு 16 வெள்ளிச் சொச்சம், நாலு பேருக்கு 65. நாலு நாள் பாஸ் என்றால் 148.

வியாழனையே பாருங்கள். பாஸ் 24 மணி நேரக் கணக்கில் ஓடாது, காலண்டர் நாள் கணக்குத்தான். சாயந்தரம் ஆறு மணிக்கு முதல் முறை தட்டினாலும் அன்றைய ராத்திரி வண்டிகள் நின்றதும் ஒரு நாள் போயிற்று. ஒரே ஒரு ரயிலுக்கு ஒரு முழு நாளை இழப்பீர்கள். செந்தோசா தீவுக்குள் போகும் ரயிலுக்கும் இந்த பாஸ் செல்லாது.

சரி, பாஸ் இல்லாமல் எப்படித் தட்டுவது? விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேராகக் கதவில் தட்டலாம். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றையே நாலு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல், அதன்மேல் உங்கள் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் திறந்து வைக்காவிட்டால் கதவு திறக்காது. அதை ஊரிலேயே செய்துவிடுங்கள்.

இல்லையென்றால் முன்கூட்டியே பணம் நிரப்பித் தட்டும் ஈஸி-லிங்க் அட்டை. விலை 10 வெள்ளி. 5 அட்டைக்குப் போகும், மீதி 5 பயணத்துக்கு. நாலு பேருக்கும் இதையே எடுத்தால் 65-உடன் 20 சேர்ந்து 85. இரண்டு பேர் வங்கி அட்டை, இரண்டு பேர் ஈஸி-லிங்க் என்றால் 80 சொச்சம். இந்த நாலைந்து வெள்ளிக்காக அலைய வேண்டாம். மாமியாரையும் மகனையும் வைத்துக்கொண்டு போகும்போது ஆளுக்கொரு ஈஸி-லிங்க்தான் நிம்மதி என்பேன். ரயிலில் நுழைய அட்டையில் குறைந்தது 3 வெள்ளி இருக்க வேண்டும். அதற்கேற்ப அவ்வப்போது நிரப்பிக்கொள்ளுங்கள்.

பாஸ் யாருக்குப் பலிக்கும் என்றால், காலையிலிருந்து ராத்திரி வரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுகிறவருக்கு. நாலு நாள் பாஸில் நாளுக்கு 9.25 விழுகிறது, தினமும் ஆறு ஏழு தனித்தனிக் குட்டைப் பயணம், அல்லது நாலைந்து நெடும்பயணம் போனால்தான் அது தேறும். ஒரு நாள் பாஸை ஈடுகட்ட ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பயணம் வேண்டும். குடும்பமாக வந்து, மத்தியானம் ரூமுக்குத் திரும்பிச் சற்றுக் கண்ணயர்கிறவர்கள் அவ்வளவு ஏறுவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். பஸ்ஸில் ஏறும்போது தட்டுகிற எல்லோரும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போகும் தூரத்துக்குக் காசு பிடிக்கும். போனில் தட்டி ஏறிவிட்டு அட்டையில் தட்டி இறங்கினாலும் கணக்கு குழம்பும், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் சரி. இறங்கும் வாசலில் மாமியாரை முன்னால் விட்டு, அவர் தட்டியதும் கருவி ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டு நீங்கள் தட்டுங்கள்.