M1, A1, B1: மார்க் ஸ்கீமை எப்படிப் படிப்பது?

கேள்வி: கேம்பிரிட்ஜ் ஏ லெவல் கணக்கு மார்க் ஸ்கீமில் M1, A1, B1, FT என்றெல்லாம் இருக்கிறதே, கடைசி விடை தப்பானால் என் பையனுக்கு எத்தனை மார்க் கிடைக்கும் என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் முன்பக்கங்களைப் படியுங்கள், விதிகள் அங்கேதான் இருக்கின்றன. M முறைக்கு உரியது, கணக்கிடும்போது சின்னதாகச் சறுக்கினாலும் போகாது. A சரியான விடைக்கு, ஆனால் அதோடு சேர்ந்த M கிடைத்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும். B எந்த M-ஐயும் நம்பியிருக்காத தனி மார்க்.

நானே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். y = x³ − 4x + 1 என்ற வளைவுக்கு x = 2 இல் தொடுகோட்டின் சமன்பாடு என்ன? ஸ்கீம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: வகையிட M1, 3x² − 4 என்று சரியாக வந்தால் A1, அதில் x = 2 போட M1, y = 1 என்பதற்கு B1, கிடைத்த சாய்வையும் புள்ளியையும் வைத்துக் கோடு எழுத M1, y = 8x − 15 க்கு A1. மொத்தம் 6.

இப்போது பையன் அவசரத்தில் 3x² − 4x என்று எழுதிவிட்டான் என்று வையுங்கள். x³ சரியாக 3x² ஆகியிருப்பதால் வகையிடத் தெரிகிறது, M1 உண்டு, A1 போச்சு. அடுத்து 3(2)² − 4(2) = 4 என்று எழுதியிருந்தால் M1, y = 1 க்கு B1, y − 1 = 4(x − 2) க்கு M1. விடை y = 4x − 7, தப்பு, கடைசி A1 இல்லை. ஆனாலும் 6க்கு 4! அந்தக் கடைசி A1 பக்கத்தில் FT என்று இருந்தால் அதுவும் கிடைத்திருக்கும், ஏனென்றால் FT என்றால் அவனுடைய தப்பான எண்ணை வைத்தே தொடர்ந்து பார்த்துத் திருத்துவார்கள்.

அதே பையன் வேறெதுவும் எழுதாமல் y = 4x − 7 என்று மட்டும் எழுதியிருந்தால் பூஜ்யம்தான். இடையில் x = 2 போட்ட வரியை விட்டுவிட்டு "சாய்வு 4" என்று மட்டும் எழுதினாலும் சிக்கல், அந்த 4 எங்கிருந்து வந்தது என்று திருத்துபவருக்குத் தெரியாது. அப்புறம், y − y₁ = m(x − x₁) என்று வெறும் சூத்திரத்தை எழுதி வைப்பதற்கு பெரும்பாலும் மார்க் கிடையாது, எண்களைப் போட்டுக் காட்ட வேண்டும். (டியூஷனில் "சூத்திரம் எழுதினாலே ஒரு மார்க்" என்பார்கள், இந்தத் தேர்வில் அதை நம்பாதீர்கள்.)

ஸ்கீமில் AG என்று இருந்தால் அது விடையைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிட்டு நிரூபிக்கச் சொல்லும் கணக்கு. அங்கே கடைசி வரி சரியாக இருப்பதற்கு மதிப்பே இல்லை, தேவையான ஒரு படியைத் தாவினாலும் A1 போய்விடலாம்.