ஏழில் சனி என்று அம்மாவிடம் சொல்வது

கேள்வி: பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுதேன்னு பதறி வர்ற அம்மாகிட்ட, ஏழாம் இடத்துல சனி இருக்குன்னு எப்படிச் சொல்றது?

முதலில் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். கடகமா மிதுனமா என்ற சந்தேகம் இருந்தால் அந்தச் சனி ஏழிலிருந்து எட்டுக்குப் போய்விடும்.

1991இல் பிறந்த கடக லக்னப் பெண் என்று வைத்துக்கொள்வோம். சனி ஏழாமிடமான மகரத்தில், சொந்த வீட்டில். நடப்பது சனி தசையில் கேது புத்தி. இங்கே 'தோஷம்' என்று ஆரம்பித்தால் அந்த அம்மாவுக்கு அப்புறம் எதுவும் காதில் ஏறாது. கட்டத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்: "இவர் தாமதப்படுத்துவார் அம்மா, தடுக்கிறவர் இல்லை. சொந்த வீட்டுல பலமா இருக்கார். அடுத்து சுக்கிர புத்தி, 3 வருஷம் 2 மாசம். அதுல வரன் பாருங்க."

காலத்தை இப்படிப் புத்தியாகவே சொல்லுங்கள். 'தை பிறந்ததும் முடியும்' என்று மாதம் குறித்தால், அது தவறியதும் அவர் அடுத்த ஜோதிடரிடம் போய் இரட்டிப்புப் பயத்தோடு திரும்புவார். பரிகாரம் கேட்டால் சனிக்கிழமை எள் தீபம் போதும். பயந்த நேரத்தில் பெரிய ஹோமம் சொல்வது வியாபாரம்தான்.

நோய் விஷயத்தில் ஆறாமிடத்தைப் பார்த்து வியாதியின் பெயரைச் சொல்லக் கூடாது. "இந்தப் புத்தியில் உடம்பைக் கவனிங்க, டாக்டரிடம் ஒரு பரிசோதனை செய்துடுங்க" என்பதோடு நிறுத்துங்கள். ஆயுள் கணக்கைக் கேட்டாலும் வாய் திறக்காதீர்கள்.