நந்தனார் கதாகாலட்சேபம்: எங்க பேசணும், எங்க பாடணும்?

கேள்வி: கோயில்ல ஒன்றரை மணி நேரம் நந்தனார் கதை. பாட்டிங்களும் இருப்பாங்க, ஸ்கூல் பசங்களும் இருப்பாங்க. எங்கேர்ந்து எழுத ஆரம்பிக்க?

பதில்: ஆதனூர்லேர்ந்து வரிசையா எழுதாதீங்க, திருப்புன்கூர் சீனத்தான் மொதல்ல எழுதணும், அது நாப்பதாவது நிமிஷம் வாக்குல வர்ற மாதிரி வெச்சுட்டு முன்னாடியும் பின்னாடியும் நிரப்புங்க. அங்க கோபாலகிருஷ்ண பாரதியோட ரெண்டு பாட்டு அடுத்தடுத்து வருது. நாட்டக்குறிஞ்சில 'வழிமறைத்திருக்குதே', அது நந்தனார் வாசல்ல நின்னு அழுறது. பூர்விகல்யாணில 'சற்றே விலகியிரும் பிள்ளாய்', அது சிவன் நந்திகிட்ட பேசுறது. நடுவுல நான் ரெண்டே வாக்கியம்தான் சொல்லுவேன்: "உள்ள இருக்குற சாமிக்கு அந்தக் குரல் கேட்டுச்சு. நந்தியப் பாத்து சொல்றாரு..." அவ்ளோதான், உடனே பாட்டு. "நந்தி நகந்துடுச்சு"ன்னு பேச்சுலயே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் பாட்டுக்கு வேலையே இல்ல, பசங்க அந்த நிமிஷமே நெளிய ஆரம்பிச்சுடுவாங்க.

கேள்வி: ஆனா பசங்களுக்குப் பாட்டு புரியாதே? ஒவ்வொரு பாட்டுக்கும் அப்புறம் அர்த்தம் சொல்றதுதானே முறை?

பதில்: புரியணும்ங்கறது சரி, ஆனா பின்னாடி சொன்னா அது கிளாஸ் எடுக்குற மாதிரி ஆயிடும். கஷ்டமான வார்த்தைய முன்னாடியே கதைக்குள்ள போட்டுடுங்க. "சன்னிதானத்த மறைச்சுக்கிட்டு மாடு படுத்திருக்கு"ன்னு முன்னாடியே ஒரு தடவ சொல்லியாச்சுன்னா, பாட்டுல 'சன்னிதானம்' வரும்போது பசங்களுக்கே தெரிஞ்சுடும்.

கேள்வி: என் பொண்ணு நல்லா பாடுவா. 'வருகலாமோ'வ நெரவல், ஸ்வரத்தோட இருபது நிமிஷம் பாடலாமா?

பதில்: கச்சேரில தாராளமா பாடட்டும்மா. இங்க அது வாசலுக்கு வெளிய நிக்கிறவன் "உள்ள வரலாமா"ன்னு கேக்குற கேள்வி, அத இருபது நிமிஷம் இழுத்தா கதை அங்கயே நின்னுடும். மாஞ்சில சின்னதா ஆலாபனை, பல்லவி, ஒரு சரணம், அஞ்சு நிமிஷம் போதும். பேசும்போதும் தம்புரா ஓடிக்கிட்டே இருக்கட்டும், அது நின்னுட்டா அடுத்த பாட்டு எடுக்கும்போது சுருதி தேடணும், அந்த இடைவெளில கூட்டம் கலகலன்னு பேச ஆரம்பிச்சுடும்.

கேள்வி: சேக்கிழார் சொன்னதுல நந்தனார் வேலை செஞ்ச அந்த வேதியர் பண்ணையாரே கிடையாதே, நீங்க எப்படி சொல்றீங்க?

பதில்: கிடையாதுதான், அது பாரதி சேத்தது. நான் ஆரம்பத்துலயே "இது பாரதி சொன்ன கதை"ன்னு சொல்லிடுவேன். எனக்கு இன்னும் உறுத்துறது கடைசில நந்தனார் எறங்குற அந்த நெருப்புதான். ஒரு தடவ முடிஞ்சப்புறம் ஒரு பெரியவர் வந்து "அவர் ஏம்ப்பா நெருப்புல எறங்கணும், அப்படியே உள்ள விட்டிருக்கக்கூடாதா"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் அந்த இடத்த நான் பாட்டாக்குறதில்ல, மெதுவா பேசிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், தம்புரா மட்டும் கேக்கும்.