பிளாட் மீட்டரை வைத்தே எது அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று பார்ப்பது எப்படி?

பினாங்கில் பிளாட் வீடு. பில் ஏறிவிட்டது. ஏர்கோனா, வாட்டர் ஹீட்டரா? மீட்டரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். மீட்டர் முகப்பில் 1000 imp/kWh என்பதுபோல் எழுதியிருக்கும். அப்படியானால் சிவப்பு விளக்கு 1000 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு சிமிட்டலில் கடிகாரத்தைத் தொடங்கி அதைப் பூஜ்ஜியமாக எண்ணுங்கள். ஒன்று என்று எண்ணினால் கணக்கு தவறும்.

```
kW = 3600 × சிமிட்டல் ÷ (imp × விநாடி)
```

உதாரணமாக, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது 10 சிமிட்டலுக்கு 300 விநாடி என்றால் 0.12 kW. ஏர்கோனைப் போட்டதும் 40 விநாடி, அதாவது 0.9, கழித்தால் ஏர்கோனுக்கு 0.78. ஏர்கோனை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டதும் 10 விநாடி, அதாவது 3.6, கழித்தால் ஹீட்டருக்கு ஏறக்குறைய 3.5. மீட்டர் கீழ்த்தளத்தில் இருந்தால், வீட்டில் ஒருவர் போனில் இருந்தபடி சுவிட்சைப் போடட்டும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் நடுவே நின்றால் எண்ணிக்கை குழம்பும், திரும்ப எண்ணுங்கள்.

ஆனால் வேகமாகச் சிமிட்டுவதே பில்லை ஏற்றுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு பேர் குளிக்க ஹீட்டர் ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரம் ஓடினால் 1.75 யூனிட்தான். ஏர்கோன் இரவெல்லாம் ஒரே அளவில் இழுக்காது. அறை குளிர்ந்ததும் குறைந்துவிடும். அதனால் 0.78-ஐ எட்டு மணி நேரத்தால் பெருக்காமல், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் kWh எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் ஓடிய இரவில் 5.2, ஓடாத இரவில் 1.0 என்றால், ஏர்கோனுக்கு 4.2. மாதத்திற்கு 126 யூனிட். ஹீட்டருக்கோ 53 தான்.