விலைகள் உடனே மாறினாலும் செலாவணி விகிதம் எல்லை தாண்டுமா?

கேள்வி: பொருளியலாளர் டோர்ன்புஷின் மாடலில் சரக்கு விலைகள் மெதுவாக நகர்வதால்தான் செலாவணி விகிதம் ஓவர்ஷூட் ஆகிறது, அதாவது கடைசியில் நிற்கப்போகும் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது என்று படித்தேன். விலைகள் உடனே மாறும் சொத்துச் சந்தை மாடலில், மத்திய வங்கி எதிர்பாராமல் பண அளிப்பைக் குறைத்தால் ஓவர்ஷூட்டிங் வருமா, வராதா?

பதில்: வரும். ஆனால் அதற்குக் காரணம் வேறு.

செலாவணி விகிதம் என்று நான் சொல்வது, ஓர் அலகு வெளிநாட்டுப் பணத்துக்கு நாம் கொடுக்கும் உள்நாட்டுப் பணம். அது குறைந்தால் நம் பணம் வலுக்கிறது. இந்த மாடலில் இன்றைய விகிதம், இன்றைய பண அளிப்பும் நாளைக்கு எதிர்பார்க்கும் விகிதமும் கலந்த ஒரு சராசரி. வட்டி ஏறினால் மக்கள் கையில் வைக்கும் பணம் எவ்வளவு குறையும் என்பதுதான் எதற்கு எவ்வளவு எடை என்று தீர்மானிக்கிறது. கணக்குக்கு எளிதாக இரண்டுக்கும் சம எடை என்று வைப்போம்.

பண அளிப்பு திடீரென 10% குறைகிறது, இனி அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நாளைய விகிதமும் 10% கீழேதான், ஆகவே சராசரியும் 10%. விகிதம் ஒரே தாவலில் போய் நின்றுவிடும், ஓவர்ஷூட்டிங் இல்லை.

இப்போது, அடுத்த ஆண்டு பாதியைத் திரும்ப விட்டுவிடுவார்கள், 5% குறைவுதான் நிலைக்கும் என்று சந்தை நினைக்கட்டும். இன்று விகிதம் 10-க்கும் 5-க்கும் நடுவே, அதாவது 7.5% விழும். அப்புறம் 5%-க்கு ஏறும். கடைசியில் நிற்கப்போகும் இடத்தைத் தாண்டி விழுந்திருக்கிறது, அசல் ஓவர்ஷூட்டிங்தான். நம் பணம் 2.5% மலிவாகப்போகிறது என்று தெரிவதால், வெளிநாட்டு வட்டியைவிட உள்நாட்டு வட்டி அந்த அளவு உயரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அடுத்த ஆண்டு இன்னும் 5% குறைப்பார்கள் என்று நம்பினால் இன்றே 12.5% விழும். பணம் குறைந்ததோ 10%தான். பாடப்புத்தகங்கள் இதைப் பெருக்க விளைவு என்கின்றன. சிலர் இதையும் ஓவர்ஷூட்டிங் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கடைசி இடமான 15%-ஐ அது தாண்டவே இல்லையே. கவனியுங்கள், இங்கே வட்டி ஏறாது, இறங்கும்! பணத்தை இறுக்கியதும் வட்டி குறைவதைப் பார்த்துப் பரீட்சையில் குழம்பாதவர்கள் குறைவு.

சரி, டோர்ன்புஷ் 1976-இல் சொன்னதிலிருந்து இதை எப்படிப் பிரித்துச் சொல்வது? அவர் கதையில் பணக் குறைப்பு நிரந்தரமானதாக இருந்தாலே விகிதம் 10%-ஐத் தாண்டி விழும். நம் மாடலில் விகிதம் ஒரு சராசரி என்பதால், எதிர்பார்க்கும் பணப் பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குக் கீழே அதனால் போக முடியாது. இன்னொரு தடயம் விலைவாசி. விகிதம் 7.5% விழுந்த அன்றே உள்நாட்டு விலைகளும் 7.5% விழ வேண்டும், இரு நாட்டு விலைவாசி வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்கும் உண்மைச் செலாவணி விகிதம் அசையக் கூடாது. விகிதங்கள் மிதக்கும் நாடுகளில் நிஜத்தில் நடப்பது இதுவல்ல: பெயரளவு விகிதம் தாவும்போது உண்மை விகிதமும் கூடவே தாவுகிறது. அங்கே விலை நகராமையைச் சேர்க்காமல் இந்த மாடலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துவராது.