குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் ஆண்டே இடிக்கிறது

"அடக்க விலை 1,00,000, இறுதி மதிப்பு 10,000, ஆயுள் 5 ஆண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 18,000, சொத்துப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. குறைந்து செல் மதிப்பு முறையில் எனக்கு முதல் ஆண்டு 33,214, பதிவேட்டில் 36,904. எது தப்பு?"

பதிவேடு சரி. நீங்கள் இறுதி மதிப்பைக் கழித்துவிட்டு 90,000 மேல் விகிதத்தைப் போட்டிருக்கிறீர்கள். நேர்கோட்டு முறையின் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. இந்த முறையில் இறுதி மதிப்பு விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடும்:

```
=1-(10000/100000)^(1/5)
```

விடை 36.904%. இதை முழு ஏட்டு மதிப்பின் மேல் போடுங்கள். முதல் ஆண்டு 36,904 போக மீதி 63,096. இரண்டாம் ஆண்டு அந்த மீதியின் மேல் 23,285. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் சரியாக 10,000 நிற்கும். உங்கள் வழியில் 19,000 நிற்கும். கடைசி வரியைப் பார்த்தாலே பிடிபட்டிருக்கும்.

மற்ற சொத்துகளுக்கு ஒரு சோதனை: ஒவ்வோர் ஆண்டுத் தேய்மானத்தையும் முந்தைய ஆண்டுடையதால் வகுங்கள். எல்லா ஆண்டுக்கும் ஒரே எண் வர வேண்டும்; உங்கள் இந்தச் சொத்துக்கு அது 0.631. ஆனால் உங்கள் தப்புக் கணக்கும் இதில் தேறிவிடும், அதனால் கடைசி மீதியையும் சேர்த்தே பாருங்கள்.

சில்லறை வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். எக்செலின் `DB` விகிதத்தை மூன்று தசமத்துக்கு முழுமையாக்கும். அதில் முதல் ஆண்டு 36,900, முடிவில் 10,003.

இறுதி மதிப்பு பூஜ்யம் என்றால் இந்தச் சூத்திரம் உதவாது. விகிதம் 100% ஆகி, முதல் ஆண்டிலேயே மொத்தமும் தேய்ந்துவிடும்.